மூன்று பெயர்கள், ஒரு முதல் முதலீடு

சாலை பஜாரில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் நம் கிளைக்கு வந்தார். நாகர்கோவிலிலிருந்து அவருடைய தாத்தா காலத்தில் திருவனந்தபுரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பம். ஐந்தாண்டுச் சீட்டு ஒன்று அந்த மாதத்தோடு முடிந்திருந்தது. அதற்கென்று மாதந்தோறும் ஒதுக்கிவந்த பத்தாயிரம் ரூபாயை இனிப் பங்குச் சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் போடலாம் என்று அவருடைய தங்கை மகன் சொல்லியிருந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் லார்ஜ் கேப், ஃப்ளெக்ஸி கேப், மல்டி கேப் என்று மூன்று பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. "மூணுமே நல்லதுன்னு சொல்றான் சார். நல்லது மூணு இருந்தா எதை எடுக்கது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு வங்கி மேசைகளில் வழக்கமாகக் கிடைக்கும் விடை, "மல்டி கேப்பில் பெரியது, நடுத்தரம், சிறியது மூன்றும் இருக்கின்றன, ஒன்றை வாங்கினால் மூன்றையும் வாங்கியது போல" என்பதாகும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நாமும் இதைச் சொல்லியிருக்கிறோம். முதன்முறை பங்குச் சந்தைக்குள் வருபவருக்கு இது பொருத்தமான விடையன்று என்பதே இப்போது நம் கருத்து. அதற்கான காரணத்தை விளக்க, இந்தப் பெயர்கள் பிறந்த கதையைச் சற்றுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2017ஆம் ஆண்டு அக்டோபர் 6 அன்று செபி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதுவரை ஃபண்டு நிறுவனங்கள் தாம் விரும்பிய பெயரைத் தம் திட்டங்களுக்குச் சூட்டிவந்தன. அந்தச் சுற்றறிக்கை நிறுவனங்களைச் சந்தை மதிப்பின்படி வரிசைப்படுத்தியது. முதல் நூறு நிறுவனங்கள் லார்ஜ் கேப். நூற்றொன்று முதல் இருநூற்றைம்பது வரை மிட் கேப். அதற்குக் கீழுள்ள அனைத்தும் ஸ்மால் கேப். இந்தப் பட்டியலை ஆம்ஃபி என்னும் மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பித்து வெளியிடுகிறது. அண்மைப் பட்டியல்களில் லார்ஜ் கேப்பின் கடைசிப் படியில் நிற்கும் நிறுவனத்தின் மதிப்பே ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய். மிட் கேப்பின் கடைசிப் படி முப்பதாயிரம் கோடிக்குச் சற்று மேல். ஆகவே 'சிறியது' என்றால் பெட்டிக்கடை என்று எண்ண வேண்டாம். நமக்குப் பழக்கமான வங்கிகளையே எடுத்துக்கொண்டால், ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா லார்ஜ் கேப், ஆலுவாயைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபெடரல் பாங்க் மிட் கேப், திருச்சூரின் சவுத் இந்தியன் பாங்க் ஸ்மால் கேப்.

லார்ஜ் கேப் ஃபண்டு தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை அந்த முதல் நூறு நிறுவனங்களில் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. மல்டி கேப் ஃபண்டுக்கோ மொத்தத்தில் 65 சதவீதம் பங்குகளில் இருந்தால் போதும் என்று மட்டும் சொல்லப்பட்டது. எந்த அளவு நிறுவனத்தில் எவ்வளவு என்பது நிதி மேலாளரின் விருப்பம். மேலாளர்கள் அந்த விருப்பத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் சுவையான செய்தி. 'மல்டி' என்று பெயரிருந்தும் பெரும்பாலான பெரிய மல்டி கேப் ஃபண்டுகள் பெருநிறுவனப் பங்குகளையே மிகுதியாக வைத்திருந்தன. ஸ்மால் கேப் பெயரளவுக்கே இருந்தது. வாடிக்கையாளர் மூன்றும் கலந்தது என்று நம்பி வாங்கினார். உள்ளே இருந்ததோ பெரும்பாலும் லார்ஜ் கேப்.

2020 செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமையன்று செபி இதற்கு ஒரு முடிவு கட்டியது. மல்டி கேப் என்று பெயர் வைத்தால் பங்குகளில் 75 சதவீதம் இருக்க வேண்டும். லார்ஜ், மிட், ஸ்மால் ஒவ்வொன்றிலும் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும் என்றது. பல்லாயிரம் கோடி ரூபாய் சிறு நிறுவனப் பங்குகளை நோக்கித் திரும்ப வேண்டிய நிலை. அவ்வளவு பணத்தை ஏற்கும் ஆழம் அந்தச் சந்தைக்கு இல்லை. இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமையன்றே, செபி ஒரு விளக்கம் தர நேர்ந்தது: பங்குகளை மாற்றியே தீரவேண்டும் என்பதில்லை, திட்டத்தை வேறு வகைக்கு மாற்றலாம், இணைக்கலாம். ஆயினும் திங்கட்கிழமை சிறு நிறுவனக் குறியீடுகள் ஒரே நாளில் 4 சதவீதத்துக்கு மேல் ஏறின. அதே நாளில் சென்செக்ஸ் சற்று இறங்கியது. வாங்குவோர் வரப்போகிறார்கள் என்ற பேச்சே விலையை இவ்வளவு தூக்கியது என்றால், எல்லோரும் ஒருசேர விற்க முனையும் நாளில் என்ன நடக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நவம்பர் 6 அன்று ஃப்ளெக்ஸி கேப் என்னும் புதிய வகை பிறந்தது. குறைந்தது 65 சதவீதம் பங்குகளில். எந்த அளவு நிறுவனம் என்பது மேலாளர் விருப்பம். அதாவது, பழைய மல்டி கேப்பே புதிய பெயரில். 2021 தொடக்கத்தில் எச்.டி.எஃப்.சி. ஈக்விட்டி ஃபண்டு, கோட்டக் ஸ்டாண்டர்ட் மல்டிகேப், பராக் பரிக் லாங் டேர்ம் ஈக்விட்டி எனப் பல பெரிய திட்டங்கள் ஃப்ளெக்ஸி கேப் என்று பெயர் மாற்றிக்கொண்டன. கட்டாய 25 சதவீதத்தை ஏற்றுக்கொண்டு மல்டி கேப்பாகவே தொடர்ந்தவை சிலவே. இப்பெயர்களை வரலாற்றுக்காகச் சொல்கிறோம். பரிந்துரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த மாதங்களில் நம் வாடிக்கையாளர்கள் பலருக்கு ஃபண்டு நிறுவனங்களிடமிருந்து கடிதம் வந்தது. திட்டத்தின் அடிப்படைத் தன்மை மாறுகிறது, விரும்பாதவர்கள் முப்பது நாள்களுக்குள் வெளியேறும் கட்டணமின்றிப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கரமனையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அக்கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கம்பெனி கை மாறிடுச்சா சார்?" என்று கவலையோடு கேட்டார். அவருடைய ஃபண்டு ஃப்ளெக்ஸி கேப்பாக மாறியிருந்தது. உள்ளிருந்த பங்குகளில் பெரிதாக மாற்றமில்லை. அதைச் சொல்லி அனுப்பினோம். ஆனால் அவருக்கு அந்த ஃபண்டை விற்ற நாளில் அதனுள் என்ன இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

ஆகவே இந்த மூன்று வகைகளையும் நாம் இப்படிப் பார்க்கிறோம். சிறு நிறுவனப் பங்கு எவ்வளவு இருக்கலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்? லார்ஜ் கேப்பில் விதி ஓர் உச்சவரம்பு போடுகிறது. முதல் நூறுக்கு வெளியே 20 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. ஃப்ளெக்ஸி கேப்பில் மேலாளர் தீர்மானிக்கிறார். நினைத்தால் குறைக்கலாம், நினைத்தால் கூட்டலாம். மல்டி கேப்பில் விதி ஒரு கீழ்வரம்பு போடுகிறது. ஸ்மால் கேப் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது, விலகி நிற்கலாம் என்று மேலாளரே நினைத்தாலும் 25 சதவீதத்துக்குக் கீழே அவர் இறங்க முடியாது. மிட் கேப்பையும் சேர்த்தால் பாதிப் பணம் எந்நாளும் முதல் நூறுக்கு வெளியே நின்றாக வேண்டும்.

இது நடைமுறையில் என்ன செய்யும் என்பதைச் சாலை வியாபாரியோடு அமர்ந்து கணக்குப் போட்டோம். எடுத்துக்கொண்டது 2018ஆம் ஆண்டு. அவ்வாண்டில் நிஃப்டி 50 குறியீடு ஏறத்தாழ 3 சதவீதம் ஏறியது. நிஃப்டி மிட்கேப் 100 ஏறத்தாழ 15 சதவீதமும், நிஃப்டி ஸ்மால்கேப் 100 ஏறத்தாழ 29 சதவீதமும் இறங்கின. நாளிதழ் படித்தவருக்கு அது சாதாரணமான ஆண்டு. சென்செக்ஸ் கூட ஏறித்தான் முடிந்தது.

ஒரு லட்சம் ரூபாய் முழுவதும் நிஃப்டி 50இல் இருந்திருந்தால் ஆண்டு முடிவில் 1,03,000. அதே ஒரு லட்சம் இன்றைய மல்டி கேப் விதிப்படி, லார்ஜில் 50,000, மிட்டில் 25,000, ஸ்மாலில் 25,000 என்று இருந்திருந்தால் முறையே 51,500, 21,250, 17,750 ஆகியிருக்கும், கூட்டினால் 90,500. ஃப்ளெக்ஸி கேப்புக்கு ஒரு மாதிரியாக லார்ஜில் 68,000, மிட்டில் 14,000, ஸ்மாலில் 10,000, ரொக்கம் 8,000 என்று வைத்துக்கொண்டோம். அது 97,000 அளவில் முடிந்திருக்கும். செலவுக் கட்டணம், மேலாளரின் திறமை இரண்டையும் விட்டுவிட்ட கணக்கு இது. ஆயினும் வகையின் இயல்பு இதில் தெரிகிறது.

வியாபாரி உடனே மறுபக்கத்தைக் கேட்டார். "ஏறுன வருஷத்தையும் போடுங்க சார்." நியாயமான கேள்வி. 2021இல் நிஃப்டி 50 ஏறத்தாழ 24 சதவீதமும், மிட்கேப் 100 ஏறத்தாழ 46 சதவீதமும், ஸ்மால்கேப் 100 ஏறத்தாழ 59 சதவீதமும் ஏறின. நிஃப்டியில் 1,24,000, நம் மாதிரி ஃப்ளெக்ஸியில் 1,28,000க்குச் சற்று மேல், மல்டி கேப் கலவையில் 1,38,000க்கு மேல். இந்த ஓராண்டை மட்டும் அச்சிட்டுக் காட்டினால் மல்டி கேப் தவிர வேறெதையும் யாரும் வாங்கமாட்டார்கள். விற்பனைத் தாள்களில் நீங்கள் பார்ப்பதும் பெரும்பாலும் இப்படி ஏறிய ஆண்டுகளின் கணக்கையே.

மல்டி கேப் மோசமானது என்று நாம் சொல்லவில்லை. பொறுத்திருந்தவருக்கு அது தந்திருக்கிறது. பொறுத்திருப்பது என்றால் எவ்வளவு காலம் என்பதைத்தான் முதல் முதலீட்டாளரிடம் யாரும் சொல்வதில்லை. 2018 ஜனவரியில் தொட்ட உச்சத்தை ஸ்மால்கேப் 100 குறியீடு மீண்டும் தொட 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை ஆயிற்று. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள். லார்ஜ் கேப்பும் விழாமல் இல்லை. 2020 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 23 வரை, இரண்டே மாதங்களில், நிஃப்டி 50 ஏறத்தாழ 38 சதவீதம் சரிந்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் பழைய உயரத்துக்குத் திரும்பிவிட்டது. அதோடு, அந்தச் சரிவின் காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது; ஊரே அதைப் பற்றிப் பேசியது. 2018இன் சிறு நிறுவனச் சரிவு அப்படியன்று. செய்தியில் சென்செக்ஸ் புதிய உச்சம் என்று வாசிக்கிறார்கள். தன் கணக்கிலோ பணம் கரைகிறது. முதன்முறை முதலீடு செய்தவர் இந்த முரண்பாட்டைத் தாங்குவது கடினம். தான் ஏமாற்றப்பட்டதாக எண்ணி, மூன்றாம் ஆண்டில் எஸ்.ஐ.பி.யை நிறுத்திப் பணத்தை எடுத்து வைப்புத்தொகையில் போட்டுவிடுகிறார். அப்படி எடுத்தவர்களை நம் மேசையில் பார்த்திருக்கிறோம். அவர்களில் பலர் திரும்பவும் பங்குச் சந்தைப் பக்கம் வரவில்லை. நட்டத்தைவிட நமக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

இத்தகைய வேறுபாட்டைத் திட்டத்தின் அபாய அளவுமானியில் தேடினால் கிடைக்காது. மூன்று வகைக்கும் முள் பெரும்பாலும் 'மிக அதிகம்' என்ற ஒரே இடத்தில்தான் நிற்கும். ஒப்பிடப்படும் குறியீட்டின் பெயரே நம்பத்தக்க அடையாளம். லார்ஜ் கேப் ஃபண்டு பொதுவாக நிஃப்டி 100 போன்றதோடு ஒப்பிடப்படும். ஃப்ளெக்ஸி கேப், நிஃப்டி 500 போன்றதோடு. அந்தக் குறியீட்டின் எடையில் பெரும்பங்கு முதல் நூறு நிறுவனங்களுக்கே உரியது. மல்டி கேப்புக்கென்றே நிஃப்டி 500 மல்டிகேப் 50:25:25 என்று ஒரு தனிக் குறியீடு இருக்கிறது. ஃப்ளெக்ஸியையும் மல்டியையும் அருகருகே வைத்து "கடந்த மூன்றாண்டில் எது அதிகம் தந்தது" என்று பார்ப்பது, பொன்னி அரிசியையும் ஏலக்காயையும் ஒரே தராசில் விலை பேசுவது போன்றது. இது அந்த வியாபாரியே சொன்ன உவமை.

இனி ஃப்ளெக்ஸி கேப். அனுபவமுள்ளவர்கள் பலர் முதல் முதலீட்டாளருக்கு இதைத்தான் சொல்கிறார்கள். திறமையான மேலாளரிடம் முடிவை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் ஃப்ளெக்ஸி கேப் என்பது ஒரே பொருளன்று. ஒரு ஃபண்டு ஏறத்தாழ லார்ஜ் கேப் போலவே நடந்துகொள்ளும். இன்னொன்று வெளிநாட்டுப் பங்குகளும் ரொக்கமும் கணிசமாக வைத்திருக்கும். மற்றொன்றில் மிட், ஸ்மால் பங்குகள் பாதியை எட்டியிருக்கும். மூன்றின் மேலும் ஒட்டப்பட்டிருக்கும் பெயர் ஒன்றே. பெயரைக் கொண்டு லார்ஜ் கேப்பை வாங்கலாம். ஃப்ளெக்ஸி கேப்பை அப்படி வாங்க முடியாது, உள்ளே பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உள்ளே பார்ப்பது கடினமான வேலையன்று. ஒவ்வொரு ஃபண்டு நிறுவனமும் மாதந்தோறும் ஃபேக்ட் ஷீட் என்னும் தகவல் தாளை வெளியிடுகிறது. அதில் லார்ஜ், மிட், ஸ்மால், ரொக்கம் ஆகியவற்றின் சதவீதம் இருக்கும். இந்த மாதத் தாளையும் ஓராண்டுக்கு முந்தைய தாளையும் எடுத்து இந்த நான்கு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஸ்மால் கேப் 8இலிருந்து 10 ஆகியிருந்தால் அது மேலாளரின் வழக்கமான நகர்வு. 8இலிருந்து 25 ஆகியிருந்தால் நீங்கள் வாங்கிய பொருள் வேறாகிவிட்டது. இம்முறை அறிவிப்புக் கடிதம் எதுவும் வராது, ஏனெனில் விதி எதுவும் மீறப்படவில்லை. இந்த வேலையை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய மனமுள்ளவருக்கு, பணத்தை ஏழெட்டு ஆண்டுகள் தொடாமல் இருக்கக்கூடியவருக்கு, ஃப்ளெக்ஸி கேப் நல்ல தேர்வு. அப்படியில்லாதவருக்கு அது இரண்டாவது ஃபண்டாக இருக்கட்டும்.

முதல் ஃபண்டு லார்ஜ் கேப்பாக இருக்கட்டும் என்பதே நம் கருத்து. அதிலும் நிஃப்டி 50 அல்லது நிஃப்டி 100 குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டு மேல். செபியின் வகைப்பாட்டில் இண்டெக்ஸ் ஃபண்டு தனி இனம். உள்ளடக்கத்தில் அது லார்ஜ் கேப்பே. மேலாளர் தேர்ந்தெடுக்கும் லார்ஜ் கேப் ஃபண்டுகளில் பாதிக்கு மேல் நீண்ட காலத்தில் தம் குறியீட்டை எட்ட முடியாமல் போவதை எஸ் அண்டு பி நிறுவனத்தின் ஸ்பைவா அறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தேர்ந்தெடுக்க இருப்பதே நூறு நிறுவனங்கள். எல்லோரும் அவற்றையே ஆராய்கிறார்கள். செலவுக் கட்டணமோ கூடுதல். வேறு முடிவை எதிர்பார்க்க முடியாது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் மேசை வழியாக வாங்கப்படும் ரெகுலர் திட்டத்தில் வங்கிக்குத் தரகு உண்டு. இண்டெக்ஸ் ஃபண்டில் அது பொதுவாக மிகக் குறைவு. ஃபண்டு நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக வாங்கும் டைரக்ட் திட்டத்தில் தரகே இல்லை. எங்களிடம் ஆலோசனை கேட்கும்போது இதையும் கேளுங்கள். கேட்டால் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

லார்ஜ் கேப்போடு ஃப்ளெக்ஸி கேப்பையும் முதல் நாளிலேயே சேர்த்து வாங்கினால் பாதுகாப்பு கூடும் என்று வியாபாரி எண்ணினார். இரண்டின் தகவல் தாள்களையும் அவர் கையிலேயே கொடுத்தோம். முதல் பத்துப் பங்குகளில் ஒரே பெயர்கள் வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடச் சொன்னோம். ஆறு வட்டங்கள் விழுந்தன. "ஒரே சரக்கை ரெண்டு கடையில வாங்கியிருப்பேன்" என்று சிரித்தார்.

அவருடைய மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. கல்லூரிக் கட்டணம் நான்காண்டுக்குள் வந்துவிடும். அந்தப் பணத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டாம், புதிய சீட்டொன்றோ தொடர் வைப்போ போதும் என்றோம். பத்தாயிரத்தில் ஆறாயிரத்தை அதற்கு ஒதுக்கினார். மீதி நான்காயிரத்துக்கு, எட்டாண்டுக்குத் தொடப்போவதில்லை என்ற கணக்கில், நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. தொடங்கினார். ஃப்ளெக்ஸி கேப்பின் தகவல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு இதே மாதத் தாளோடு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார். தவணைத் தேதியாக 12ஐக் கேட்டார். சாலையில் கடன் சரக்குக்கு வரவேண்டிய பாக்கி பத்தாம் தேதிக்குள் வந்துவிடுமாம்.